எல்லாருக்கும் ஓடுகிறது, உங்களுக்கு மட்டும் ஓடவில்லை

ஓர் இணையச் செயலி முழுதாகப் படுத்துவிட்டால் அதை வாடிக்கையாளருக்குச் சொல்வதில் பெரிய சிக்கல் கிடையாது. அவருக்கே தெரிந்துவிடும். நிறுவனம் ஒத்துக்கொள்வதும் சுலபம், ஏனென்றால் மறைக்க வழியே இல்லை. பாதி படுத்தால்தான் வம்பு. ஒருவருக்கு ஓடும், பக்கத்துக் கடைக்காரருக்கு ஓடாது. பார்க்கலாம், ஆனால் சேமிக்க முடியாது. மூன்று முறை அழுத்தினால் ஒரு முறை போகும். கோளாறு நம் இணைய இணைப்பிலா, நம் கணினியிலா, அவர்கள் சர்வரிலா என்று தெரியாமல் மனிதர் திண்டாடுவார். அந்த நேரத்தில் அவர் போய்ப் பார்க்கும் இடம்தான் ஸ்டேட்டஸ் பக்கம். அங்கே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தால், "அப்போ தப்பு நம்ம பக்கம்தான்" என்று முடிவுகட்டி மோடத்தை அணைத்து அணைத்துப் போட ஆரம்பிப்பார்.

இந்தப் பக்கங்களுக்கு ஏறத்தாழ இருபது வருட வரலாறு இருக்கிறது. 2005 டிசம்பரில் தன் சேவை முடங்கி வாங்கிக்கட்டிக்கொண்ட சேல்ஸ்ஃபோர்ஸ், 2006இல் trust.salesforce.com என்ற பக்கத்தைத் திறந்து, சேவையின் நாளாந்த நிலையை யாரும் பார்க்கும்படி வைத்தது. இன்று மேகக் கணினியில் ஓடும் பெரும்பாலான செயலிகளுக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. சிறிய நிறுவனங்கள் அட்லாசியனின் ஸ்டேட்டஸ்பேஜ், ஜோஹோவின் ஸ்டேட்டஸ்ஐக்யூ போன்றவற்றை வாடகைக்கு எடுத்து நடத்துகின்றன. பக்கம் வைத்திருப்பது இன்று ஒரு விஷயமே இல்லை. பகுதி முடக்கத்தின்போது அதில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. கடந்த பத்தாண்டின் பெரிய முடக்கங்களை வரிசையாகப் பார்த்தால், எழுதுவதில் தோற்ற இடங்கள் மூன்று நான்குக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலாவது, எழுதவே முடியாமல் போவது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் வட வர்ஜீனியா வட்டாரத்தில் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை விழுந்தது. பில்லிங் வேலைக்கான சில சர்வர்களை நிறுத்தப்போன ஊழியர், கட்டளையில் ஒரு மதிப்பைத் தவறாகத் தட்டிவிட்டார். நினைத்ததைவிட அதிக சர்வர்கள் நின்றுபோயின. அவற்றில் எஸ்3-இன் அட்டவணையையே தாங்கிய சர்வர்களும் இருந்தன. சிக்கல் ஆரம்பித்தது பசிபிக் நேரப்படி காலை 9:37. ஆனால் 11:37 வரை, அதாவது சரியாக இரண்டு மணி நேரம், அமேசானால் தன் நிலைப் பலகையில் எந்தச் சேவையின் விளக்கையும் மாற்ற முடியவில்லை. பலகையை இயக்கும் நிர்வாகத் திரையே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. உலகம் பாதி நின்றுபோயிருக்க, பலகையில் எல்லாம் பச்சை. ட்விட்டரிலும் பலகையின் தலைப்பகுதியில் ஒரு வாசகமாகவும்தான் செய்தி சொன்னார்கள்.

அதன் பிறகு அந்தத் திரையைப் பல வட்டாரங்களில் ஓடும்படி மாற்றினார்கள். 2021 டிசம்பர் 7 அன்று அதே வர்ஜீனியாவில் உள்வலைப்பின்னல் நெரிசலில் திணறியபோது, மாற்று வட்டாரத்துக்குத் தாவ வேண்டிய கருவி அந்த நெரிசலாலேயே தாவ முடியாமல் நின்றது. 7:30க்கு ஆரம்பித்த சிக்கலுக்குப் பலகை ஒழுங்காக மாறத் தொடங்கியது 8:22க்கு. அதைவிட மோசம், உதவி கேட்டு விண்ணப்பிக்கும் அமைப்பும் அதே உள்வலைப்பின்னலில் இருந்ததால், காலை 7:33 முதல் பிற்பகல் 2:25 வரை வாடிக்கையாளரால் புகாரே பதிய முடியவில்லை.

இதற்கு நம் ஊர் உதாரணம் ஒன்றும் இருக்கிறது. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஜோஹோவின் zoho.com என்ற பெயரையே, 2018 செப்டம்பர் 24 அன்று அந்தப் பெயரைப் பதிவுசெய்து தந்த நிறுவனம் முடக்கிவிட்டது. ஜோஹோ மின்னஞ்சலைப் பயன்படுத்தி யாரோ நடத்திய மோசடி பற்றிய சில புகார்கள்தான் காரணம். சர்வர்கள் அனைத்தும் நலமாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்கும் விலாசம்தான் காணாமல் போனது. பெயர் போனால் அந்தப் பெயரின் கீழ் இருக்கும் எந்தப் பக்கமும் போகும். ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து நிலைமையைச் சொன்னார். பெயர் திரும்பக் கிடைத்த பிறகும், பழைய பதிலை நினைவில் வைத்திருந்த இணையச் சேவையாளர்களின் வாடிக்கையாளருக்கு மட்டும் தளம் திறக்கவில்லை. அதாவது முழு முடக்கம் பகுதி முடக்கமாக மாறியது. அந்தக் கட்டத்தில் உதவியது ஒரே ஒரு குறிப்பு: கணினியின் பெயர்த்தேடலை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொதுச் சேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பது. பயனர் தானே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொன்ன செய்தி அது.

ஆகவே ஸ்டேட்டஸ் பக்கத்தை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனால் "வேறு இடம்" என்றால் எவ்வளவு வேறு என்பதில்தான் கோட்டைவிடுகிறார்கள். பக்கம் வேறு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அதற்குள் நுழைய வேண்டிய கடவுச்சொல் மட்டும் நம் அலுவலகத்தின் ஒற்றை உள்நுழைவு வழியாக வரும். அந்த உள்நுழைவு, படுத்துக் கிடக்கும் அதே டேட்டாபேஸில் இருக்கும். பக்கம் உயிரோடு இருக்கிறது, எழுதத்தான் யாராலும் உள்ளே போக முடியவில்லை. பக்கத்தைப் பின்தொடர்பவர்களுக்குப் போகும் மின்னஞ்சல் செயலியின் மின்னஞ்சல் வரிசையையே பயன்படுத்துகிறதா, பக்கத்தின் பெயர் முதன்மைத் தளத்தின் பெயரோடு ஒரே இடத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் முடக்கம் இல்லாத ஒரு சாதாரண நாளில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் பிரித்துவைத்தாலும் விதி விளையாடும். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் பெரிய முடக்கத்தில் இருந்தபோது, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் வெளியே ஓடிய அதன் ஸ்டேட்டஸ் பக்கமும் தற்செயலாக அதே நேரத்தில் செத்தது. இரண்டும் ஒன்றாகப் போகவே, யாரோ திட்டமிட்டுத் தாக்குகிறார்கள் என்று அவர்களின் பொறியாளர் சிலர் சந்தேகித்தார்கள். உண்மையில் காரணம், அளவு இரட்டிப்பாகிப்போன ஓர் உள்ளமைவுக் கோப்பு.

இரண்டாவது தோல்வி சராசரியில் ஒளிந்திருக்கிறது. பகுதி முடக்கத்துக்கே உரிய நோய் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

2022 ஏப்ரல் 5 அன்று, உலகச் சீர்நேரம் காலை 7:38க்கு, அட்லாசியன் ஒரு நிரலை ஓடவிட்டது. பழைய துணைச்செயலி ஒன்றை வாடிக்கையாளர் தளங்களிலிருந்து நீக்குவது நோக்கம். நீக்கச் சொல்லிக் கேட்ட குழு, துணைச்செயலியின் அடையாள எண்களுக்குப் பதிலாகத் தளங்களின் அடையாள எண்களைக் கொடுத்துவிட்டது. நீக்கும் இடைமுகம் இரண்டு வகை எண்ணையும் மறுபேச்சின்றி ஏற்கும்படி செய்யப்பட்டிருந்தது. 8:01க்குள் 883 தளங்கள் அழிந்தன. அவை 775 வாடிக்கையாளர்களுடையவை. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் கொண்ட நிறுவனத்தில் இது அரை சதவீதம்கூட இல்லை. எனவே பொது வரைபடங்களில் ஒரு சிறு பள்ளம்தான் விழுந்திருக்கும். அந்த 775 பேருக்கோ வேலை முழுவதும் நின்றது, சிலருக்குப் பதினான்கு நாள் வரை.

அழிந்தது தளம் மட்டுமல்ல. யாருடைய தளம், அதன் நிர்வாகியின் தொடர்பு விவரம் என்ன என்ற தகவலும் தளத்தோடு சேர்ந்தே போனது. யாருக்குச் செய்தி அனுப்புவது என்று நிறுவனத்துக்கே உடனே தெரியவில்லை. மறுபக்கம், உதவிப் படிவத்தை நிரப்பச் செல்லுபடியாகும் தள முகவரி ஒன்று தேவை. அது இல்லாதவர்களுக்குப் படிவம் கதவைச் சாத்தியது. பரவலாக வெளியே சொன்ன முதல் செய்தி ட்விட்டரில் வந்தபோது ஏப்ரல் 7 ஆகிவிட்டது. தொழில்நுட்பத் தலைவரின் விரிவான விளக்கம் ஏப்ரல் 12. பாதிக்கப்பட்டவர்களோடு நேரடியாகப் பேசுவதிலேயே கவனம் வைத்ததால் பொதுவெளியில் தாமதித்தோம் என்று அவர்களே பின்னாளைய அறிக்கையில் ஒத்துக்கொண்டார்கள். நிலைப் பக்கத்துக்கான மென்பொருளை உலகுக்கு விற்கும் நிறுவனத்துக்கே இந்தக் கதி என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மூன்றாவது தோல்வி சொற்களில். வாடகைப் பக்கங்கள் பலவற்றிலும் ஒரு சம்பவம் நான்கு கட்டங்களாக நகரும்: `Investigating`, `Identified`, `Monitoring`, `Resolved`. தேடுகிறோம், காரணம் தெரிந்தது, சரிசெய்துவிட்டுக் கவனிக்கிறோம், முடிந்தது. இந்த நான்கும் நிறுவனத்தின் வேலை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கின்றன. படிக்கிறவரின் வேலை எங்கே நிற்கிறது என்பதை ஒன்றுகூடச் சொல்வதில்லை. அதை வாசகத்தில்தான் எழுத வேண்டும். எழுதப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரி: "சில பயனர்கள் சில சேவைகளில் தற்காலிக இடையூறுகளை எதிர்கொள்ளக்கூடும்." யார், எந்தச் சேவை, எப்போதிருந்து, என்ன செய்யலாம் என்ற நான்குக்கும் பதில் இல்லாத வாக்கியம். "எதிர்கொள்ளக்கூடும்" என்பது இன்னும் மோசம். காலையிலிருந்து எதிர்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய் அதைச் சொல்வதா?

எப்படி எழுதலாம் என்பதை ஒரு கற்பனைச் சம்பவத்தில் வைத்துப் பார்ப்போம். மொத்த வியாபாரிகளுக்குப் பில் போட்டுத் தரும் செயலி ஒன்று மும்பை வட்டாரத்து மேகக் கணினியில் ஓடுகிறது. வாடிக்கையாளர்கள் எட்டு டேட்டாபேஸ்களில் சமமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். காலை 10:05க்கு ஐந்தாவது டேட்டாபேஸின் வட்டு மந்தமாகிறது. படிப்பதில் பிரச்சினை இல்லை. எழுதும்போது பாதிக் கோரிக்கைகள் நேரம் கடந்து பிழையாகத் திரும்புகின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். எட்டில் ஒரு டேட்டாபேஸ். அதற்கு வரும் கோரிக்கைகளில் ஐந்தில் ஒன்றுதான் எழுதுவது, மற்றவை படிப்பது. எழுதுவதிலும் பாதிதான் தோற்கிறது. மூன்றையும் பெருக்கினால் மொத்தக் கோரிக்கைகளில் எண்பதில் ஒன்று, அதாவது 1.25 சதவீதம் பிழை. அலுவலகச் சுவரில் தொங்கும் திரை 98.75 சதவீதம் வெற்றி என்று காட்டும். இரண்டு சதவீதத்துக்கு மேல் பிழை வந்தால்தான் மணி அடிக்கும்படி வைத்திருந்தால் மணி அடிக்கவே அடிக்காது. அதே நேரத்தில் திருப்பூரில் லாரியை நிறுத்திவைத்துக்கொண்டு பில் போடுகிறவருக்கு இரண்டுக்கு ஒன்று தோற்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அளவை மொத்தத்துக்கு எடுக்காமல் டேட்டாபேஸ் வாரியாகவும், படிப்பது எழுதுவது என்று செயல்வாரியாகவும் பிரித்து எடுத்தால் மட்டுமே திரையில் 50 சதவீதம் என்ற எண் தெரியும். நல்ல ஸ்டேட்டஸ் செய்தியின் முதல் பாதி இந்தப் பிரிப்பில்தான் தயாராகிறது. பிரித்துப் பார்க்காதவர் "சில பயனர்கள்" என்பதற்கு மேல் எழுத வழியில்லை.

அடுத்தது, பிழை என்று திரும்பியவற்றில் ஒரு பகுதி உண்மையில் சேமிக்கப்பட்டிருக்கும். டேட்டாபேஸ் எழுதி முடித்துவிட்டது, பதில் வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது, அவ்வளவுதான். பயனருக்குத் தெரிவது பிழைச் செய்தி. அவர் மறுபடி அழுத்துவார். செயலி புதிய எண் போட்டு இன்னொரு பில் உண்டாக்கும். ஒரே சரக்குக்கு இரண்டு பில். முடக்கம் முடிந்த பிறகும் நாள்கணக்கில் தலைவலி தரப்போவது இந்த இரட்டைப் பில்கள்தான். ஆகவே காரணம் தெரிவதற்கு முன்பே, முதல் செய்தியிலேயே, இதைப் பற்றி எச்சரிக்க வேண்டும்.

10:20க்கு வாடிக்கையாளர் தொலைபேசிகள் வருகின்றன. 10:26க்கு முதல் செய்தி:

"காலை 10:05 முதல் சில வாடிக்கையாளர்களுக்குப் பில்லைச் சேமிக்கும்போது பிழை வருகிறது, அல்லது திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய பில்களைப் பார்ப்பதும் அச்சிடுவதும் வழக்கம்போல் நடக்கின்றன. பிழை வந்தால் உடனே மறுபடி சேமிக்க வேண்டாம். முதலில் பில் பட்டியலைத் திறந்து, அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிழை காட்டினாலும் சில பில்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. காரணத்தைத் தேடுகிறோம். அடுத்த தகவல் 10:50க்கு."

இதில் காரணம் இல்லை, எப்போது சரியாகும் என்ற வாக்குறுதியும் இல்லை. எது ஓடுகிறது என்பது இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எது ஓடவில்லை என்று மட்டும் சொன்னால், படிப்பவர் மற்றதையும் சேர்த்துச் சந்தேகித்து எல்லா வேலையையும் நிறுத்திவிடுவார். அடுத்த தகவலுக்கு நேரம் குறித்திருப்பதும் காரணத்தோடுதான். நேரம் குறித்தால் வாடிக்கையாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பிப்பதும், உதவி எண்ணை அழைப்பதும் குறையும். ஆனால் குறித்த நேரத்துக்கு எழுதியே ஆக வேண்டும், புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும்.

10:48க்கு இரண்டாவது செய்தி. இதற்குள் ஐந்தாவது டேட்டாபேஸ் என்று தெரிந்துவிட்டது. ஆனால் "டேட்டாபேஸ் 5" என்பது நிறுவனத்துக்குள் புழங்கும் பெயர், அது வாடிக்கையாளருக்கு எதையும் சொல்லாது. சேல்ஸ்ஃபோர்ஸ் இதை வெகுகாலமாகத் தெளிவாகச் செய்துவந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் தான் எந்த இன்ஸ்டன்ஸில் இருக்கிறோம் என்று அறிந்திருப்பார். 2016 மே மாதத்தில் NA14 என்ற இன்ஸ்டன்ஸ் விழுந்தபோது, அதில் இருப்பவர்களுக்குத் தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்தது. நம் கற்பனைச் செயலியில் முகவரிப் பட்டையைப் பார்க்கச் சொல்லலாம்:

"செயலியைத் திறந்தபின் மேலே தெரியும் முகவரி in5 என்று தொடங்கினால் உங்களுக்குப் பாதிப்பு உண்டு. மற்றவர்களுக்குப் பாதிப்பு இல்லை. சேமிக்கும் முயற்சிகளில் ஏறத்தாழ பாதி தோற்கின்றன. இ-வே பில் அவசரமாகத் தேவைப்படுவோர் ewaybillgst.gov.in தளத்தில் நேரடியாக உண்டாக்கிக்கொள்ளலாம். பிறகு அந்த எண்ணைச் செயலியில் பதியலாம். சேமிக்கும் வட்டு மந்தமானதே காரணம். மாற்று வட்டுக்கு நகர்த்தத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த தகவல் 11:20க்கு."

இந்தச் செய்தியில் மிகவும் விலைமதிப்புள்ள வாக்கியம் இ-வே பில் பற்றியது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக அந்தச் சீட்டு வேண்டும், அது இல்லாமல் வண்டி கிளம்பாது. நம் செயலி அதை உண்டாக்கும் ஒரு வழி மட்டுமே, அரசுத் தளம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டு நகர்வது ஒரு மணி நேரம் ஆனாலும் லாரி பத்து நிமிடத்தில் போய்விடும். மாற்று வழியை யோசிப்பது பெரும்பாலும் பொறியாளருக்கு வராது. தினமும் வியாபாரிகளோடு பேசும் உதவிப் பிரிவினருக்குத்தான் வரும். கூகுளின் பொறியாளர்கள் சம்பவ நாளில் வேலைகளைப் பிரிக்கும் முறை இதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. ஒருவர் தலைமை, ஒரு குழு சரிசெய்யும் வேலை, வெளியே பேசுவதற்குத் தனியாக ஒருவர். 1970களில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்கப் போனவர்கள் உருவாக்கிய ஏற்பாட்டிலிருந்து எடுத்தது அது. சரிசெய்கிறவரே எழுதவும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று நிற்கும், நிற்பது எப்போதும் எழுத்துதான்.

செய்தியின் கடைசியில் காரணத்தை ஒரே வரியில் சொல்லி நிறுத்தியதும் வேண்டுமென்றே. மேகக் கணினி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அவர்கள்மேல் பழியைப் போடும் ஆசை அந்த நேரத்தில் எல்லாருக்கும் வரும். நாளை விசாரித்தால், வட்டின் உச்ச அளவை ஏற்கெனவே தாண்டவிட்டது நாம்தான் என்று தெரியவரலாம். வியாபாரி பணம் கட்டியது நமக்கு, வட்டு யாருடையது என்பது அவர் கவலை அல்ல.

11:20க்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. அப்போதும் எழுத வேண்டும், ஆனால் முன்பு எழுதியதையே நகலெடுத்து ஒட்டக் கூடாது: "நகர்த்தும் வேலை நடக்கிறது, 11:20 நிலவரப்படி ஏறத்தாழ பாதி முடிந்திருக்கிறது. in5 முகவரிகளுக்கு மட்டுமே பாதிப்பு என்பதில் மாற்றம் இல்லை. அடுத்த தகவல் 11:50க்கு." முடியும் நேரத்தைச் சொல்லலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வளவு முடிந்தது என்பதைச் சொல்லலாம், அது அளந்தது. எப்போது முடியும் என்பது ஊகம். ஊகம் இரண்டு முறை பொய்த்தால் மூன்றாவது செய்தியை யாரும் நம்பமாட்டார்கள். ஒரே விதிவிலக்கு, மிக நீண்ட முடக்கம். அட்லாசியன் இன்னும் இரண்டு வாரம்வரை ஆகலாம் என்று சொன்னது கசப்பாக இருந்தாலும், அந்த நிறுவனங்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள அது தேவைப்பட்டது.

11:45க்கு எழுதுவது சீராகிவிட்டது. இந்தக் கட்டத்தில் "முடிந்தது" என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் அவசரம்தான் பல நிறுவனங்களை மாட்டிவிடுகிறது. வரிசையில் தேங்கிய மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும் ஒரே நேரத்தில் கிளம்பும். காலை பத்து மணிப் பில்லுக்கான குறுஞ்செய்தி பன்னிரண்டுக்குப் போய்ச் சேரும். வாங்கியவர் தனக்கு இன்னொரு பில் போட்டுவிட்டார்களோ என்று கேட்பார். அதனால், "சேமிப்பது 11:45 முதல் சீராக இருக்கிறது, தேங்கிய செய்திகள் 12:30 வரை தாமதமாக வரலாம், அவை புதிய பில்கள் அல்ல, கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதிவிட்டு, வரிசை காலியாகி ஒரு மணி நேரமாவது தாண்டிய பிறகே சம்பவத்தை மூட வேண்டும். மூடியதை மறுபடி திறப்பது முதல் முடக்கத்தைவிட அதிகமாக நம்பிக்கையைக் கெடுக்கும்.

எந்த நிற விளக்கைப் போடுவது என்ற கேள்வியை இதுவரை தள்ளிவைத்தேன். காரணம், அது பணத்தைத் தொடும் கேள்வி. ஸ்டேட்டஸ்பேஜ் மென்பொருள், சேவை ஓடிய சதவீதத்தைக் கணக்கிடும்போது முழு முடக்கத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் ஒரு நிமிடமாகவே எடுக்கிறது. பகுதி முடக்கம் என்றால் நிமிடத்துக்கு முப்பது சதவீதம்தான். வேகக் குறைவு என்று குறித்தால் கணக்கில் எதுவுமே குறையாது. நம் சம்பவம் 100 நிமிடம். முப்பது நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். பகுதி முடக்கம் என்று போட்டால் 30 நிமிடம் கழிந்து 99.93 சதவீதம். முழு முடக்கம் என்றால் 99.77. வேகக் குறைவு என்ற மஞ்சள் விளக்கைப் போட்டால் அந்த மாதம் சுத்தமாக 100 சதவீதம். ஒப்பந்தத்தில் 99.9 என்று உறுதி தந்திருக்கும் நிறுவனத்தில், விளக்கின் நிறத்தை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு விற்பனைப் பிரிவினரும் ஏன் வந்து உட்காருகிறார்கள் என்பது இப்போது புரியும்.

நிறத்தை எந்திரமே மாற்றட்டும் என்று சிலர் சொல்வது இதனால்தான். மனிதத் தயக்கம் போய்விடும் என்பது உண்மை. ஆனால் தானியங்கிச் சோதனைகள் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கும், உள்ளே நுழைந்து பார்க்கும். நம் சம்பவத்தில் இரண்டும் எட்டு டேட்டாபேஸிலும் நன்றாகவே நடந்தன. போலிப் பில் ஒன்றை ஒவ்வொரு டேட்டாபேஸிலும் நிமிடத்துக்கு ஒன்றாகச் சேமித்துப் பார்க்கும் சோதனை இருந்தால்தான் 10:07க்குள் பிடித்திருக்க முடியும். அப்படிப்பட்ட சோதனை இருந்தால் விளக்கை எந்திரத்திடம் விடலாம், வாசகத்தை மனிதர் எழுதலாம். இல்லாத இடத்தில் எந்திரம் காட்டும் பச்சை, பொய் என்று யாரும் குறைசொல்ல முடியாத பொய். பாதிக்கப்பட்டவர்களே புகாரைப் பதியும் டவுன்டிடெக்டர் போன்ற தளங்கள் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். சில ஆயிரம் வாடிக்கையாளரே உள்ள செயலி அங்கே ஒரு கோடாகக்கூடத் தெரியாது என்பதால் சிறிய நிறுவனங்களுக்கு அந்த உதவியும் இல்லை.

பிற்பகல் 1:40க்குச் சம்பவத்தை மூடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் செய்தியில் தொடக்க நேரம் 10:05 என்றே இருக்க வேண்டும், தொலைபேசி வந்த 10:20 அல்ல, முதல் செய்தி போட்ட 10:26உம் அல்ல. பாதிப்பு எப்போது தொடங்கியது என்பதை வாடிக்கையாளர் தன் பில் பட்டியலில் ஒத்துப்பார்ப்பார். இரட்டைப் பில்களைக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது: 10:05 முதல் 11:45 வரை, ஒரே வாங்குபவர், ஒரே தொகை, சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்த எண்கள். அந்தப் பட்டியலைப் பொதுப் பக்கத்தில் போட முடியாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவருடையதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இதில் தாமதத்துக்கு இடமில்லை. மின் விலைப்பட்டியலுக்காக அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கிய பில்லை 24 மணி நேரத்துக்குள் மட்டுமே அங்கே ரத்துசெய்யலாம். காலை 10:10க்கு இரட்டித்த பில்லுக்கு மறுநாள் காலை 10:10 வரைதான் அவகாசம், அதற்குமேல் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். வியாபாரி கடையை மூடும் முன் அந்த மின்னஞ்சல் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், மறுநாள் காலை ஒன்பதரைக்கு வரும் கணக்குப்பிள்ளைக்கு ரத்துசெய்ய நாற்பது நிமிடம் இருக்கும்.